நிஸ்மியாவின் புருவம்

காத்தான்குடி உடுப்புக்கடை அஸ்பாக், வியட்நாமில் சரக்கு எடுக்கப் போவதற்காக, போனில் அந்த நாட்டு ஆசிரியை ஒருத்தியிடம் பாசை படித்தான். இங்கிலிஸ் எழுத்துத்தானே என்று, எழுத்துகளின் மேலும் கீழும் கிடந்த குரல் ஏற்ற இறக்கக் குறிகளை ஈ எச்சம்போல ஒதுக்கிவிட்டு, எல்லாவற்றையும் தட்டையாக வாசித்தான். "மா" என்றால், "அது பேய், நான் கேட்டது தாய்" என்பாள் ஆசிரியை.

பக்கத்தில் உடுப்பு மடித்த மனைவி நிஸ்மியா குறிகளைப் பிடித்துக்கொண்டாள். ஏறும் கோட்டுக்குப் புருவத்தை உயர்த்திக் குரலை ஏற்றினாள், தாய் வந்தாள். இறங்கும் கோட்டுக்கு நாடியைத் தாழ்த்தினாள். எழுத்தின் அடியில் புள்ளி இருந்தால் குரலைக் கீழே போட்டுச் சட்டென்று நிறுத்தினாள். அதே "மா" இப்போது நெல் நாற்று. ஆசிரியை கைதட்டினாள்.

அஸ்பாக்குக்கு வயிறு எரிந்தது. வியாபாரம் அவனுடையது, பாராட்டு இவளுக்கா?

"நாளைக்கு நீ பக்கத்தில இருக்காத."

மறுநாள் தனியே இருந்தான். கோடு ஏறுகிறதென்று கண்ணுக்குத் தெரிந்தது; குரலுக்குத் தெரியவில்லை. மூன்றுதரம் பேயே வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, சோறாக்கிக்கொண்டிருந்தவளைக் குசினிப்பக்கம் பார்த்துக் கூப்பிட்டான்.

"புள்ள, இஞ்ச வந்து மூஞ்சக் கொஞ்சம் காட்டு."

நிஸ்மியா வந்தாள், முக்காட்டைப் புருவம் மறைய இழுத்துவிட்டுக்கொண்டு.