ஏழும் ஐந்தும்

எண்பதுகளின் கடைசியில் நான் மலேசியாவின் கேமரன் மலையில், பிரிஞ்சாங் ஊரில் ஒரு ஹோட்டலில் அறை துப்புரவு வேலை பார்த்தேன். என் மனைவி தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறித்தாள். வீடு எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் ஒன்று.

ஹோட்டலில் தங்கியிருந்த ஒரு ஜப்பான்காரர் விடைபெறும்போது ஒரு புதிர்ப் புத்தகத்தை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். எழுத்து எதுவும் புரியவில்லை. ஆனால் கட்டங்களும், ஓரத்தில் எண்களும் இருந்தன. எத்தனை கட்டங்களைத் தொடர்ந்து கறுப்பாக்க வேண்டும் என்று அந்த எண்கள் சொல்வதை, முதல் பக்கத்தில் போட்டுக் காட்டியிருந்த படத்திலிருந்து புரிந்துகொண்டேன். சரியாகப் போட்டால் ஒரு படம் வரும். நான் ஊகித்துப் போட்டேன், எல்லாம் கெட்டது.

என் மனைவி விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை உருவினாள். பதினைந்து கட்ட வரிசை, எண் பதினொன்று. பதினொரு கட்ட நீளத்துக்கு ஈர்க்கை ஒடித்து இடது ஓரத்தில் வைத்தாள். பிறகு வலது ஓரம்வரை தள்ளினாள்.

"எங்க தள்ளுனாலும் நடுவுல ஏழு கட்டம் மூடியேதான் இருக்கு. அஞ்சுலேர்ந்து பதினொன்னு வரைக்கும். அத மொதல்ல போட்டுடலாம்லா."

அதன்பின் இருவரும் புத்தகத்தையே முடித்தோம். போட்டது பெரும்பாலும் அவள்தான்.

அடுத்த ஆண்டு அந்த ஜப்பான்காரர் மறுபடி வந்தார். தேயிலை பார்க்க வேண்டும் என்றதால் லைனுக்கு அழைத்து வந்தேன். நிரம்பிய பக்கங்களைப் பார்த்து வியந்து, கையிலிருந்த புதிய புதிரில் ஒரு வரிசையைக் காட்டினார். பதினைந்து கட்டம், எண்கள் ஏழும் ஐந்தும்.

ஏழு கட்டத்தை மட்டும் தள்ளிப் பார்த்தேன். இடது ஓரத்தில் மூடிய கட்டம் எதுவும் வலது ஓரத்தில் மூடவேயில்லை. "ஒன்னும் சொல்ல முடியாது" என்று கையை விரித்தேன்.

தேநீர் கொண்டுவந்த என் மனைவி குனிந்து பார்த்தாள். "ரெண்டையும் சேத்து வைங்க. நடுவுல ஒரு கட்டம் சும்மா உடணும். ஆக மொத்தம் பதிமூணு. ரெண்டு கட்டந்தான் நகரும்." பென்சிலை வாங்கி மூன்றிலிருந்து ஏழுவரை கறுப்பாக்கினாள். பிறகு பதினொன்றிலிருந்து பதிமூன்றுவரை.

அவர் எழுந்து நின்று அவளுக்குத் தலை வணங்கினார். யார் சொல்லிக் கொடுத்தது என்று ஆங்கிலத்தில் என்னிடம் கேட்டார்.

நான் என் நெஞ்சைத் தட்டிக் காட்டினேன்.

அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. அந்தத் தட்டலுக்கு ஆங்கிலம் தேவைப்படவில்லை. காலிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பிறகு அவர் தபாலில் இரண்டு புத்தகங்கள் அனுப்பினார். "வா, போடலாம்" என்றேன்.

"நீங்களே போடுங்க. நீங்கதான வாத்தியாரு." கோபமாகச் சொல்லவில்லை, அரிசி களைந்துகொண்டே சொன்னாள்.

தனியாக நாலைந்து பக்கம் போட்டேன். படம் சரியாக வந்தபோதும் காட்ட ஆளில்லை. பல வருடம் கழித்து ஒருநாள், "அன்னிக்கு நான் அப்படிச் செஞ்சிருக்கக் கூடாது" என்றேன்.

"என்னிக்கு?" என்று கேட்டாள். சொன்னேன். "அன்னிக்கு அவரு போறதுக்குள்ள அவருகிட்டயே சொல்லியிருக்கலாம்ல" என்றாள்.