இரண்டு வரிசை, ஒரே நொடி

1. கடம்பூர்ப் பக்கக் கல்குவாரியில் அன்று இரண்டு வரிசைத் துளைகளில் வெடிமருந்து நிரப்பினார்கள்.
2. சங்கு ஊதி, பக்கத்துப் புஞ்சைக்காரரான அக்காவை விலகச் சொன்னோம்.
3. பின்வரிசையைச் சற்றுத் தள்ளி வெடிக்கவைக்கும் தாமத டெட்டனேட்டர் தீர்ந்துபோனதால், வெடிகாரர் என்னிடம் கேட்காமலே இரு வரிசைக்கும் ஒரே நேர எண் கொண்ட டெட்டனேட்டரைப் போட்டுவிட்டார்.
4. மொத்த மருந்தும் ஒன்றாக வெடித்தது. அந்த அதிர்வில் அக்காவின் வீட்டுச் சுவர் விரிசல் விட்டது.
5. முன்வரிசைப் பாறை விலகாததால் பின்வரிசைக் கல் மேலே பறந்து, புஞ்சையில் கட்டியிருந்த அக்காவின் பசுவின் மேல் விழுந்தது.

குவாரிப் பொறியாளர் நான். செத்துக் கிடந்த பசுவின் அருகில் அக்கா உட்கார்ந்திருந்தார். அதன் பாலை விற்றுத்தான் அவருக்குச் சாப்பாடு.

"சங்கு ஊதினா ஆளு விலகணும்னுதானே தாயி சொன்னிய? மாட்ட அவுக்கச் சொல்லலியே."



இப்போது துளைக்கு மருந்தைக் குறைத்து, ஒவ்வொரு துளையையும் தனித்தனி நேரத்தில் வெடிக்கவைக்கிறோம். ஒரு நேரத்தில் வெடிக்கும் மருந்து குறைந்ததால் அதிர்வும் குறைந்தது. முன்வரிசை விலகிய பிறகே பின்வரிசை வெடிப்பதால் கல் குழிக்குள்ளேயே விழுகிறது. சங்கு ஊதுமுன் மாடுகளையும் அவிழ்க்கச் சொல்கிறோம்.

அக்கா கோவில்பட்டியில் மகள் வீட்டில் இருக்கிறார். புஞ்சையில் மாடு கட்டிய முளைக்குச்சி அப்படியே நிற்கிறது.