சுருக்கத்தின் முதல் பத்தி

தென்காசியில் ஒரு நூற்பாலையில் உள்தணிக்கையாளனாக இருந்தேன். கொள்முதல் பற்றிய தணிக்கை அறிக்கையை அந்த ஆண்டு முதல் முறையாக நிர்வாக இயக்குநருக்கே நேராக அனுப்பச் சொன்னார்கள். அவரை நாங்கள் முதலாளி என்றுதான் சொல்வோம். சாரல் தொடங்கியதும் குற்றாலத்தில் பங்களா எடுத்துத் தங்கிவிடுவார். கணக்கு, கோப்பு எல்லாம் பஸ்ஸிலும் காரிலும் மேலே போகும். அறிக்கை எழுபது பக்கத்துக்கு மேல் வந்திருந்தது. அதைக் கேட்டதும் ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்: "முன்னால ஒரு சுருக்கம் வையும். எண்ணெய் ஊறுத நேரத்துக்குள்ள படிச்சு முடிக்கணும்."

சுருக்கம் எழுதுவதில் எனக்கு எந்தச் சிரமமும் தெரியவில்லை. என் டைரியை எழுதுவது போலவேதான் எழுதினேன். வவுச்சர் எண் வரிசையில் ஒவ்வொரு குறைபாட்டுக்கும் ஒரு பத்தி; பரிந்துரைகள் எல்லாம் சேர்த்துக் கடைசியில். எந்தப் பத்தியும் மற்றதைவிட நீளமாக இல்லை. தட்டச்சு செய்து வந்த தாளைப் பார்த்தபோது, வரப்புக் கட்டிய வயலைப் பார்ப்பது போல ஒரு திருப்தி இருந்தது.

அந்த வரிசைப்படி முதலாவதாக வந்தது கயிறு. கோடை மழை ஒன்று திடீரென்று அடித்தபோது, முற்றத்தில் கிடந்த பஞ்சுப் பொதிகளின் மேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டக் கயிறு இல்லை. ஸ்டோர்ஸ் குமாஸ்தா வடகரைக்கு ஆள் அனுப்பித் தேங்காய் நார்க் கயிறு வாங்கிக் கட்டினார். விலைப்புள்ளி கேட்கவில்லை, முன் அனுமதியும் இல்லை. விதிப்படி அது குறைபாடுதான். எதற்காக வாங்கினார், வாங்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதை அறிக்கையின் உள்ளே விரிவாக எழுதியிருந்தேன். சுருக்கத்தில் இடம் இல்லை என்று விட்டுவிட்டேன். "அனுமதியும் விலைப்புள்ளியும் இன்றி ஸ்டோர்ஸ் குமாஸ்தா கொள்முதல் செய்தது" என்று தொடங்கி மூன்று வரி.

அறிக்கையின் உண்மையான விஷயம் ஆறாவது பத்தியில் இருந்தது. நூல் சுற்றும் மரக்கட்டைகளைக் கொள்முதல் அதிகாரி தொடர்ந்து ஒரே வியாபாரியிடம் வாங்கியிருந்தார். ஒரு குறிப்பிட்ட தொகைக்கு மேல் போனால் முதலாளியின் கையெழுத்து வேண்டும். ஒவ்வொரு ஆர்டரும் அந்த வரம்புக்குச் சற்றுக் கீழே நின்றது. ஒரே தேவையைத் துண்டு துண்டாக நறுக்கி, அடுத்தடுத்த நாட்களில் ஆர்டர் கொடுத்திருந்தார். ஒவ்வொன்றுக்கும் மூன்று விலைப்புள்ளிகள் கோப்பில் ஒழுங்காக இருந்தன. ஆனால் தபால் வரவுப் பதிவேட்டைப் பார்த்தால், மூன்றையும் கொண்டுவந்து கொடுத்தது ஒரே கடையின் ஆள். ஆர்டர் கிடைக்கப்போகும் வியாபாரியே பக்கத்துக் கடைக்காரர்கள் இருவரிடம் கொஞ்சம் கூடுதலான விலைக்கு எழுதி வாங்கிவருவது எங்கள் பக்கத்தில் ஒரு மரியாதை போலவே நடந்தது. "துணைக்கு ரெண்டு" என்று அதற்குப் பெயரே உண்டு.

அறிக்கை போன அன்று மதியம், ஸ்டோர்ஸ் குமாஸ்தா வழக்கம்போல என்னோடு சாப்பிட உட்கார்ந்தார். என்னைவிட இரண்டொரு வயது இளையவர்.

"சுருக்கத்துல நான் உண்டா அண்ணாச்சி?"

"உண்டு. கயிறு."

"எத்தனாவது?"

"முதலாவது."

"ஏயப்பா! கொள்முதல் அதிகாரிக்கு முந்தி நான் போயிட்டேன் பாத்தீயளா" என்று சிரித்தார். என் வாழை இலையில் அவர் வீட்டுக் கூட்டை ஒரு கரண்டி வைத்தார். நானும் சிரித்தேன்.

மறுநாள் காலை பங்களாவிலிருந்து அழைப்பு வந்தது. பஸ்ஸில் போய் இறங்கினேன். சாரலில் வேட்டிக் கரை நனைந்திருந்தது. முதலாளி பின்கட்டில் ஒரு மரப்பலகையில் உட்கார்ந்திருந்தார். எண்ணெய் தேய்க்கிற ஆள் அவர் தோளைப் பிசைந்துகொண்டிருந்தார். கொள்முதல் அதிகாரி சற்றுத் தள்ளி நாற்காலியில் மங்குஸ்தான் உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"வாங்க அண்ணாச்சி. அருமையா எழுதியிருக்கீய. ஒரு வார்த்தை கூடவும் இல்ல, குறையவும் இல்ல."

அந்தப் பாராட்டு எனக்கு இனித்தது. அதை எழுதும்போது இப்போதும் காது சுடுகிறது.

முதலாளி கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "நல்லா இருக்குவே. முதப் பத்தியைப் படிச்சேன். போதும்னு ஆயிட்டு. கேக்காம கொள்ளாம வாங்குத ஆளை ஸ்டோர்ஸ்ல வச்சிருக்கலாமா? இன்னைலேருந்து வேண்டாம்னு மில்லுக்குச் சொல்லி விட்டாச்சு."

"யாரை ஐயா?"

"உம்ம ஸ்டோர்ஸ் குமாஸ்தாவைத்தான்."

கொள்முதல் அதிகாரி மங்குஸ்தான் சுளையை ஒரு தட்டில் வைத்து எனக்கு நீட்டினார். "நான்தான் போன் போட்டேன். மனசுக்குக் கஷ்டமாத்தான் இருந்துது" என்றார்.

"ஐயா, அது கயிறு. பொதியைக் கட்ட. சின்ன விஷயம்" என்றேன்.

முதலாளி கண்ணைத் திறந்தார். "சின்ன விஷயத்தை எதுக்குவே முதல்ல எழுதுனீரு?"

"வவுச்சர் நம்பர் வரிசைப்படி…"

தேய்த்துக்கொண்டிருந்த ஆளின் கை நின்றது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தது எனக்குத் தெரிந்தது. முதலாளியும் சிரித்துவிட்டார். "வீட்டுல தீப்பிடிச்சா நீரு தெரு நம்பர் பாத்துத்தான் தண்ணி ஊத்துவீரு போல இருக்கு. பெரிய விஷயம் எங்கன இருக்கு?"

"ஆறாவது பத்தி ஐயா."

"இப்ப அருவிக்குப் போகணும். எண்ணெய் காஞ்சிரும். வந்து பாப்போம்." துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். கொள்முதல் அதிகாரியும் பின்னால் போனார். வாசலில் திரும்பி என்னை ஒருமுறை பார்த்தார். அவர் ஆறாவது பத்தியை முன்பே படித்திருந்தார் என்பது அந்தப் பார்வையில் தெரிந்தது.

வராந்தாவில் தனியாக உட்கார்ந்தேன். என் எதிரில் அந்தச் சுருக்கம் கிடந்தது. அதில் ஒரு பொய்யும் இல்லை. ஆனால் படிக்கிறவர் எந்த இடத்தில் நிறுத்துவார் என்று ஒரு நிமிஷம்கூட நான் யோசித்ததில்லை. அவர் எண்ணெய் ஊறும் நேரத்தில் படிப்பார் என்று சொல்லியே அனுப்பியிருந்தார். நான் என் வரிசையின் அழகைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.

சமையல்காரரிடம் இரண்டு தாள் கேட்டு வாங்கினேன். மேலே இப்படி எழுதினேன்: தங்கள் கையெழுத்துக்கு வரவேண்டிய ஆர்டர்கள் பிரிக்கப்பட்டு, தங்களிடம் வராமலே போயிருக்கின்றன. விலைப்போட்டி நடக்கவில்லை, மூன்று விலைப்புள்ளிகளும் ஒரே கையால் வந்தவை. இதற்குக் கீழே ஆதாரம், யார் பொறுப்பு, என்ன செய்யவேண்டும். ஒரே பொருளுக்கு ஒரே மாதத்தில் தரும் ஆர்டர்களைச் சேர்த்தே வரம்பைக் கணக்கிட வேண்டும். விலைப்புள்ளிகள் மூடிய உறையில் வரவேண்டும். கணக்கர் முன்னிலையில் பிரிக்க வேண்டும். கடைசி வரியாகக் கயிறு: அவசரக் கொள்முதலுக்கு விதியே இல்லை, குறை விதியில், ஆளிடம் இல்லை. வரிசை எண் போடாத என் எழுத்து அன்று எனக்கே அந்நியமாக இருந்தது.

முதலாளி தலை ஈரத்தோடு வந்து, நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்து இன்னொரு முறை படித்தார்.

"என்னவே இது?" என்று கொள்முதல் அதிகாரியிடம் தாளை நீட்டினார்.

"ஊரு வழக்கம் முதலாளி. துணைக்கு ரெண்டு இல்லாம இங்கன யாரு கொட்டேஷன் தருவா? நாம ஒண்ணும் புதுசாச் செய்யல."

"என் கையெழுத்துக்கு வராம நறுக்குனதும் ஊரு வழக்கமா?"

முதலாளி என் பக்கம் திரும்பினார். "நேத்தே இதைக் குடுத்திருந்தா அந்த ஆளு வீட்டுக்குப் போயிருப்பானாவே?"

"போயிருக்க மாட்டார் ஐயா."

"பிறகென்ன. நீரே போய்க் கூட்டிட்டு வாரும்."

பரிந்துரைகளை அப்படியே ஏற்றுக் கையெழுத்துப் போட்டார். கொள்முதல் அதிகாரியின் ஆர்டர் போடும் உரிமை பறிக்கப்பட்டது. வேலை போகவில்லை. அவருக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் போனது. அதற்கு விளக்கம் எழுத அவகாசமும் கொடுத்தார்கள். குமாஸ்தாவை நிறுத்த ஒரு போன் போதுமாக இருந்தது.

தென்காசிக்குத் திரும்பி நேராகக் குமாஸ்தா வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி கதவைத் திறந்தார். வழக்கமாக "வாங்க அண்ணாச்சி" என்பவர் அன்று திரும்பி உள்ளே போய்விட்டார். குமாஸ்தா சட்டையில்லாமல் வந்து நின்றார். நடந்ததைச் சொன்னேன். தவறு என் வரிசையில் என்றேன்.

"உங்க மேல எனக்கு என்ன வருத்தம் அண்ணாச்சி? இருந்ததைத்தான எழுதுனீய." பிறகு கேட்டார்: "ஆனா ஏன் வாங்குனேன்னு ஒரு வார்த்தை போட்டிருக்கலாம்லா?"

போட்டிருக்கலாம். அதைத்தான் நானும் சொன்னேன்.

மறுநாள் வேலைக்கு வந்துவிட்டார். மதியம் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தார், கூட்டும் கொண்டுவந்தார். ஆனால் அவர் வேலை செய்கிற விதம் மாறிவிட்டது. ஒரு குண்டு பல்பு வாங்குவதென்றாலும் முதலில் என் மேசைக்குத் தாளோடு வருவார். "இதுல ஒரு இனிஷியல் போடுங்க அண்ணாச்சி." வாங்குவதற்கு முன் தணிக்கைக்காரன் கையெழுத்துப் போட்டால் பிறகு எதைத் தணிக்கை செய்வது? ஒவ்வொரு முறையும் மறுக்கவேண்டியிருந்தது. அவர் தலையை ஆட்டிவிட்டு அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொள்வார். அவசரக் கொள்முதலுக்கு விதி வந்தபிறகும் அதை அவர் நம்பவில்லை.

கார்த்திகையில் ஒருநாள் காலை, எடைத் தராசின் கொக்கி முறிந்துவிட்டது. ராயகிரிப் பக்கத்திலிருந்து பஞ்சு வண்டிகள் வந்து வரிசையாக நின்றன. ரோட்டுக்கு எதிர்ப்புறமே கொல்லுப்பட்டறை. குமாஸ்தா அங்கே போகவில்லை. மூன்று விலைப்புள்ளி வாங்க சைக்கிளில் ஊருக்குள் போய்விட்டார். வெயில் ஏறியது. மாடுகளை அவிழ்த்துக் கட்டிவிட்டு வண்டிக்காரர்கள் ஸ்டோர்ஸ் வாசலில் கூடிவிட்டார்கள்.

"ஏலே, கொக்கி வாங்கப் போனவன் பொண்ணு பாக்கப் போயிட்டானா?" என்றார் ஒருவர்.

"பாத்துட்டு வரட்டும்லே. மூணு பொண்ணு பாக்கணும்னு மில்லுல சட்டமாம்" என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

குமாஸ்தா சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். வேர்த்திருந்தது. வண்டிக்காரர்களைத் தாண்டி நேராக என்னிடம் வந்து, மூன்று தாள்களையும் என் முன்னால் விரித்துப் பிடித்தார்.

"மூணும் வேற வேற பட்டறை அண்ணாச்சி. நானே போய் வாங்கினேன். ஒரே ஆளு கொண்டாரல."

அவர் முகத்தில் கேலி இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். வண்டிக்காரர்கள் எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் எதிரே இருந்த பட்டறைக்கு ரோட்டைக் கடந்து போய், அனுமதி இல்லாமல், விலை கேட்காமல், ஒரு கொக்கி வாங்கிவந்து அவர் கையில் கொடுத்தேன். அவசர விதி ஸ்டோர்ஸுக்குத்தான், தணிக்கைக்காரனுக்கு இல்லை; அடுத்த அறிக்கையில் அதை என் பெயரிலேயே குறைபாடாக எழுதினேன். ஆனால் அன்று அவர் அந்தக் கொக்கியை வாங்கியதும் மாட்டவில்லை. ஸ்டோர்ஸ் வரவில் பதிய என்னிடம் ரசீது கேட்டு நின்றார்.