எண்பத்தைந்து கிராமும் நாற்பத்தேழு டிகிரியும்

எங்கள் வெடியுப்பு ஆலையில் அவருக்கு டிகிரியக்கா என்று பெயர். பட்டம் வாங்கியவர் என்பதால் வந்த பெயர் இல்லை. எதைக் கேட்டாலும் டிகிரியில் பதில் சொல்வார். "காப்பி சூடா இருக்கா அக்கா?" என்றால் "அறுபத்தஞ்சு இருக்கும், நாக்கு தாங்கும்" என்பார். காய்ச்சல் என்று சொல்லி விடுப்புக் கேட்டவனிடம் எத்தனை என்று விசாரித்து, முப்பத்தேழரைக்கெல்லாம் வீட்டுக்குப் போவார்களா என்று கேட்டவர். இத்தனைக்கும் வீட்டில் அவர் பாலைப் பொங்கவிடாத நாள் குறைவு என்று அவர் கணவர் எங்களிடம் ரகசியமாகச் சொல்லியிருக்கிறார்.

நான் அக்காவின் ஆய்வகத்துக்குப் பக்கத்து அறையில் மூட்டைக்கு எடை போடுகிறவன். இரண்டு அறைக்கும் நடுவில் ஒரு கண்ணாடி ஜன்னல். இருபத்தோரு வருடமாக அக்கா வேலை செய்வதை அதன் வழியாகப் பார்த்திருக்கிறேன். அதனால் இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. எனக்கும் இதில் ஒரு பங்கு உண்டு, அதையும் மறைக்கப் போவதில்லை.

ஆலையில் நடப்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. அழுக்கு வெடியுப்பை, அதாவது பொட்டாசியம் நைட்ரேட்டை, சுடுதண்ணீரில் கரைத்து வடிகட்டி, குழாய் வழியாகக் குளிர்விக்கும் தொட்டிக்கு அனுப்புவோம். ஆறினால் உப்பு வெள்ளை வெளேரென்று படிகமாக இறங்கும். அதை அள்ளி மூட்டை கட்டினால் உரக்கடைக்குப் போகும். ஒரே ஒரு நிபந்தனை, படிகம் தொட்டியில்தான் இறங்க வேண்டும். வழியிலேயே குழாய்க்குள் இறங்கிவிட்டால் சிமெண்ட் கொட்டிய மாதிரிதான். அதனால் குழாயை எத்தனை டிகிரிக்குக் கீழே விடக்கூடாது என்று ஒருவர் சொல்ல வேண்டும். அக்காவின் சுவரில் மாட்டியிருந்த வளைகோடுதான் அதைச் சொல்லிக்கொண்டிருந்தது.

கிராஃப் தாளில் கீழே வெப்பநிலை, பக்கவாட்டில் நூறு கிராம் தண்ணீரில் கரையும் உப்பு. அக்கா சேர்ந்த புதிதில் போட்டது. எட்டு சோதனைக்குழாய். ஒவ்வொன்றிலும் தராசில் நிறுத்த பத்து கிராம் தண்ணீர். உப்பு மட்டும் மூன்று கிராமில் ஆரம்பித்துப் பதினொன்று வரை ஏறும். ஆவி போய் அளவு மாறக்கூடாது என்று தெர்மாமீட்டரைத் தக்கையில் செருகி வாயை அடைத்து, வெந்நீரில் வைத்து ஒரு துளி மிச்சமில்லாமல் கரைத்து, பிறகு தாங்கியில் நிறுத்தி ஆறவிட்டு, முதல் மினுக்கல் எந்த டிகிரியில் தெரிகிறது என்று குறிக்க வேண்டும். எட்டுக் குழாய்க்கு எட்டுப் புள்ளி. சேர்த்துக் கோடு இழுத்தால் ஏறுமுகமாக ஒரு வளைவு. அக்காவின் கோடு அவ்வளவு வழவழப்பாக வந்திருந்தது. அந்தக் காலத்து முதலாளி அதைச் சட்டம் போட்டு மாட்டச் சொன்னார்.

பாடப்புத்தகத்தில் இருக்கும் கோட்டுக்கும் அக்காவின் கோட்டுக்கும் ஐந்தாறு டிகிரி வித்தியாசம் இருந்தது. யாராவது கேட்டால் அக்காவிடம் பதில் தயார். "புத்தகத்துல இருக்கறது சுத்தமான உப்பு. நம்ம உப்புல கறியுப்பு கலந்திருக்கு. அதனால கூடுதலா கரையும், லேட்டாத்தான் படியும்." அதில் உண்மையும் இருந்தது. எவ்வளவு உண்மை என்று யாரும் அளந்து பார்க்கவில்லை.

குழாயைப் பார்த்துக்கொள்பவரை நாங்கள் குழாய்க்காரர் என்போம். நீராவி வால்வைத் திருகுவதும், அரைமணிக்கு ஒருமுறை வெப்பநிலையைப் பார்த்து நோட்டில் எழுதுவதும் அவர் வேலை. அவருக்கும் அக்காவுக்கும் ஏழு வருடமாகப் பேச்சு இல்லை. காரணம், அக்காவின் பீக்கரில் அவர் ஒருநாள் டீ ஊற்றிக் குடித்துவிட்டார். "அது விஷம் வச்ச பாத்திரமா என்ன?" என்று அவர் கேட்க, "இப்ப இல்ல, நாளைக்கு இருக்கலாம்" என்று அக்கா சொல்ல, அதோடு முறிந்தது. மேலும் அந்த மனிதருக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொக்கும் வழக்கம் உண்டு. போன வருடம் பம்ப் பக்கத்தில் குறட்டை விட்டு மாட்டிக்கொண்டு, எழுத்தில் எச்சரிக்கை வாங்கியிருந்தார். இன்னொரு முறை என்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்று அதில் இருந்தது.

இந்த நிலையில் ஒரு திங்கட்கிழமை மேனேஜர் அக்காவிடம் வந்தார். "கரைசலைக் கொஞ்சம் கெட்டியா அனுப்பினா ஒரு நாளைக்கு நாலு மூட்டை கூட வருமே?" அதுவரை நூறுக்கு எழுபத்தைந்துதான் கரைத்துக்கொண்டிருந்தோம், குழாய் நாற்பத்தேழு டிகிரி. அக்கா சுவரைப் பார்த்தார். எண்பத்தைந்துக்குக் கோடு நாற்பத்துநான்கைக் காட்டியது. "தாராளமா போடுங்க சார். மூணு டிகிரி கையில இருக்கு."

மூன்று நாள் ஓடியது. பம்ப் கொஞ்சம் முனகுகிறது என்று குழாய்க்காரர் சொன்னார். அவர் பேச்சை யார் கேட்டார்கள்? வியாழன் மதியம் மூன்று மணிக்குக் குழாய் திரும்பும் இடத்தில் உப்பு அடைத்துக்கொண்டு, முழங்கை நீளத்துக்குக் கெட்டித்துப்போனது. பம்ப் மோட்டாரும் கருகியது.

மேனேஜர் நோட்டைப் புரட்டினார். நாற்பத்தேழு, நாற்பத்தேழு, நாற்பத்தேழு என்று வரிசையாக இருந்தது. "பாக்காமலே எழுதியிருக்கான். சாப்ட்டுட்டுத் தூங்கியிருக்கான், குழாய் ஆறிடுச்சு" என்றார். குழாய்க்காரர் "தூங்கல சார், சத்தியமா தூங்கல" என்று சொன்னபோது நாங்கள் எல்லோரும் தரையைப் பார்த்தோம். நானும்தான். பழைய குறட்டை எங்கள் காதில் இருந்தது. ஒருமுறை பெயர் கெட்டுவிட்டால் அப்புறம் எலி தள்ளிய பாத்திரத்துக்கும் அதே பூனைதான் பொறுப்பு. திங்கட்கிழமை அவரை வேலையை விட்டு அனுப்பும் கடிதம் கொடுப்பதாக முடிவாயிற்று.

அறிக்கையில் வைக்க ஒரு சோதனை வேண்டும் என்று அக்காவிடம் கேட்டார்கள். வெள்ளிக்கிழமை காலை அக்கா சூட்டுத் தொட்டியிலிருந்து கரைசல் எடுத்து, கொஞ்சத்தை வற்ற வைத்து நிறுத்துப் பார்த்தார். சரியாக எண்பத்தைந்து. மிச்சத்தைச் சோதனைக்குழாயில் ஊற்றி, நாற்பத்தேழு டிகிரி வெந்நீரில் நிறுத்தினார். ஒரு மணி நேரம் அப்படியே கண்ணாடி மாதிரி நின்றது. ஜன்னல் வழியாக என்னைப் பார்த்து, "பாத்தீங்களா? நாப்பத்தேழுல ஒண்ணும் படியாது. அந்த ஆளு தூங்கத்தான் செஞ்சிருக்காரு" என்றார். குரலில் கொஞ்சம் சந்தோஷம் இருந்தது. டீ குடித்த பீக்கருக்கு ஏழு வருடம் கழித்துத் தீர்ப்பு.

அதோடு சோதனைக்குழாயை எடுத்துக் கழுவப் போட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். வெந்நீரில் சூடு எல்லா இடமும் ஒன்றாக இருக்கிறதா என்று சந்தேகம் வந்து, மேசையில் கிடந்த கண்ணாடிக் குச்சியை உள்ளே விட்டுக் கலக்கினார். குச்சியின் நுனியில் முந்தின வேலையின் உப்பு காய்ந்து ஒட்டியிருந்தது. குச்சி பட்ட இடத்திலிருந்து ஊசி ஊசியாகக் கிளம்பியது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழாயின் அடியில் வெள்ளையாகப் படிந்துவிட்டது. தெர்மாமீட்டர் நாற்பத்தேழிலேயே இருந்தது.

அக்கா குச்சியை மேசையில் வைத்தார். பிறகு ஜன்னலின் திரையை இழுத்துவிட்டார். இருபத்தோரு வருடத்தில் அந்தத் திரை இழுபட்டு நான் பார்த்ததில்லை.

விஷயம் இதுதான். ஆடாமல் அசையாமல் சுத்தமான கண்ணாடிக்குள் ஆறுகிற கரைசல், படிய வேண்டிய டிகிரியைத் தாண்டியும் கமுக்கமாக இருக்கும். ஒட்டிக்கொள்ள ஒரு பொடியோ ஒரு கலக்கலோ கிடைத்தால்தான் வாயைத் திறக்கும். சேர்ந்த புதிதில் அக்கா எட்டுச் சோதனைக்குழாயையும் தாங்கியில் நிறுத்திவிட்டுக் கலக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டும் ஏறக்குறைய ஒரே அளவு தாமதித்தன. அதனால்தான் கோடு அவ்வளவு வழவழப்பாக வந்தது. தப்பு எல்லாப் புள்ளியிலும் சமமாக இருந்தால் கோட்டைப் பார்த்து யாருக்கும் தெரியாது. ஆலைக் குழாயோ துரு, பழைய பொடி, பம்ப் குலுக்கல் எல்லாம் உள்ளது. அங்கே தாமதம் ஏது?

சனிக்கிழமை எட்டுச் சோதனைக்குழாயும் மறுபடி தாங்கியில் ஏறின. இந்தத் தடவை ஓயாமல் கலக்கினார். ஒவ்வொரு டிகிரி இறங்கும்போதும் ஒரு பொடி உப்பு போட்டார். பொடி கரைந்தால் இன்னும் ஆறவிட்டார். கரையாமல் வளர்ந்தால் குறித்துக்கொண்டார். பிறகு தலைகீழாக, மெல்லச் சூடாக்கிக் கடைசிப் படிகம் எப்போது மறைகிறது என்றும் பார்த்தார். இரண்டு எண்ணுக்கும் நடுவில் ஒரு டிகிரிகூட இல்லை. எண்பத்தைந்துக்கு நாற்பத்தொன்பது. புத்தகத்தில் ஐம்பது. கறியுப்பின் கைவரிசை ஒரே ஒரு டிகிரிதான். மிச்சமெல்லாம் அக்காவின் கை.

திங்கள் காலை இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனார். கூட வரச் சொன்னதால் நானும் போனேன். மேனேஜர் பழைய கோட்டையும் புதுக் கோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். மனிதர் கெட்டவர் இல்லை, வேலை முடிய வேண்டும் அவருக்கு.

"இத இப்ப எதுக்கு மேடம்? அவன் எப்படியும் தூங்கற ஆள்தான். புதுக் கோட்டை அடுத்த மாசம் மாட்டிக்கலாம். உங்க இருபது வருஷப் பேரைக் கெடுத்துக்கணுமா?"

"சார், அவரு எழுதின நாப்பத்தேழு நிஜம். நான் எழுதின நாப்பத்துநாலுதான் பொய். கடிதம் கொடுக்கணும்னா என் பேர்ல கொடுங்க."

"உங்களுக்கும் அவனுக்கும் ஆகாதுன்னு ஊருக்கே தெரியும்."

"ஆகாதுதான். அதுக்கும் டிகிரிக்கும் என்ன சம்பந்தம்?"

கடிதம் அக்காவுக்குத்தான் வந்தது. ஆனால் அவரை வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆய்வகப் பொறுப்பை எடுத்துவிட்டு என் அறையில் எடை போடும் வேலைக்கு மாற்றினார்கள். கருகிய மோட்டாருக்கு யாராவது பதில் சொல்ல வேண்டுமே. எனக்கு அன்று மேனேஜர்மேல் கோபம் வந்தது. தரையைப் பார்த்து நின்ற என்மேல் அதைவிட அதிகம் வந்தது.

மதியம் குழாய்க்காரர் எடை அறைக்கு வந்தார். முகம் நாலு நாளில் வற்றிப்போயிருந்தது. நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்தேன். வாசலிலேயே நின்றார்.

"மேடம், ஒண்ணு கேக்கணும். என் வீட்டுக்காரியே நான் தூங்கிட்டேன்னுதான் சொன்னா. எல்லாரும் சொல்லச் சொல்ல, நேத்திலேர்ந்து எனக்கே சந்தேகம். ஒருவேளை கண்ண மூடிட்டேனோ, தெரியாமலே கை எழுதியிருக்குமோன்னு. நீங்க கணக்குப் போட்டுப் பாத்தீங்கல்ல? நிஜமாச் சொல்லுங்க."

அக்கா தராசை விட்டு எழுந்து நின்றார்.

"நீங்க தூங்கல" என்றார்.

குழாய்க்காரர் அங்கேயே மூட்டைமேல் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார்.