ஹெட்போன் அக்கா எழுதிய தேதி

பல்கலைக்கழகச் சேர்க்கை அலுவலகத்தில் ஆலோசனைகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டுச் சுருக்கம் எழுதுபவளை எல்லோரும் ஹெட்போன் அக்கா என்பார்கள். அன்று ஒரு குடும்பத்துக்கு அனுப்பிய சுருக்கத்தைச் சரிபார்த்தாள். தகுதி சரி: கணிதத்தில் அறுபது சதவீதம். விருப்பமும் சரி: அப்பா கணினி கேட்டார், மகள் புள்ளியியல், கடைசியில் புள்ளியியலை முதலில் வைக்க ஒப்புக்கொண்டார்கள். தேதிதான் உறுத்தியது. ஒலிப்பதிவை மறுபடி ஓட்டினாள். ஆலோசகரின் குரல்:

“பதினெட்டு விடுதிக்கு. பாட விருப்பம் பதினேழு சாயங்காலம் அஞ்சுக்குள்ள.”

இரண்டு தேதியையும் மாற்றி எழுதியிருந்தாள். இன்று பதினேழு, மணி மூன்று. உடனே அந்தக் குடும்பத்தை அழைத்தாள். மாணவியின் அம்மா எடுத்தார்.

“நாளைக்குத்தானே கடைசி?”

“இல்லம்மா, இன்னைக்கு. தப்பு என்னோடது.”

“ஐயோ! அவ வெளிய போயிருக்காளே!”

நாலே முக்காலுக்கு மகளே அழைத்தாள். “பதிஞ்சாச்சுக்கா.”

பிறகு ஹெட்போன் அக்கா மேலதிகாரியிடம் தன் பிழையைச் சொல்லப் போனாள்.