செல்லப்பாவுக்குப் பிடித்த ‘இன்னும்’

கண்டி மாநகர சபையில் வேலை பார்த்த செல்லப்பாவுக்கு உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள்: கெம்பஸ் போனவர்கள், போகாதவர்கள். மகள் நிரஞ்சனி கணிதப் பிரிவில் உயர்தரப் பரீட்சை சித்தியடைந்தும் பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளி மயிரிழையில் கைவிட்டது. மனிதர் இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டார்.

“இன்னொரு தடவ எழுதும்மா. பேராதனைக் கெம்பஸ் எங்க ஓடிப்போகுது?”

“பேராதனை ஓடாதுப்பா. நம்ம வீடு ஓடிரும்.”

அவர்கள் குடியிருந்தது சபை கொடுத்த குவாட்டர்ஸில். சீக்கிரமே செல்லப்பா ஓய்வு பெற்றதும் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பென்ஷனில் வாடகையும் கட்டிச் சோறும் தின்ன முடியாது. மறுபடி பரீட்சை, அனுமதிக்குக் காத்திருப்பு, பிறகு பட்டம் என்றால் வருடங்கள் போய்விடும். முழுநேர டிப்ளோமாவும் அவசரத்துக்கு உதவாது. அதனால் அவள் குளிரூட்டி திருத்தும் என்.வி.கியூ. என்ற தொழில் தகைமையின் நாலாம் மட்டச் சான்றிதழுக்குச் சேர்ந்தாள்.

“வேலையில இருந்துகிட்டே அஞ்சாம், ஆறாம் மட்டம்னு டிப்ளோமா படிக்கலாம். ஏழாம் மட்டம் டிகிரிப்பா.”

“பிரிட்ஜ் பழுது பாக்குறவளுக்கு டிகிரி! நல்லா கேட்டுக்க புஷ்பம்,” என்று மனைவியிடம் சிரித்தார். சிரிப்பில் கசப்புதான் அதிகம்.

கடைசி மதிப்பீட்டு நாளன்று லீவு போட்டுவிட்டுப் பயிற்சி நிலையத்து வேர்க்‌ஷொப் ஜன்னலோரம் போய் நின்றார். இரண்டு மதிப்பீட்டாளர்கள் பார்த்திருக்க, மகள் செம்புக் குழாய்கள் இரண்டைச் சூடாக்கி ஒட்டினாள். உருகிய உலோகம் மூட்டைச் சுற்றித் தானாக ஓடிப் பிடித்துக்கொண்டது. செல்லப்பா ஜன்னலோடு முகத்தை ஒட்டிக்கொண்டார். இந்தக் கைகளுக்கா நேற்றுவரை மருதாணி வைத்துவிட்டோம்?

வெளியே வந்தவளின் முகம் வாடியிருந்தது.

“குழாய்க்குள்ள இருக்கிற காத்தையும் ஈரத்தையும் பம்ப் வச்சு முழுசா இழுத்துட்டுத்தான் குளிராக்குற கேஸ் ஏத்தணும். அவசரப்பட்டுப் பாதியிலயே நிப்பாட்டிட்டேன்.”

“பெயிலா?” வீடு, வாடகை எல்லாம் அவர் கண்முன் சுற்றின.

“இதுல பெயில்னு போடமாட்டாங்கப்பா. ‘இன்னும் தேர்ச்சி இல்லை’ன்னுதான் சொல்லுவாங்க. அந்தப் பகுதிய மட்டும் பழகிட்டு வந்து திரும்பச் செஞ்சு காட்டலாம்.”

பத்தாம் வகுப்பில் பெயில் என்ற ஒற்றைச் சொல்லோடு செல்லப்பாவின் படிப்புக்குப் பூட்டுப் போட்டார்கள். ‘இன்னும்’ என்று ஒருவரும் சொல்லவில்லை. இப்படியும் ஒரு பரீட்சை இருக்கிறதா! கண் கலங்கியது, வெட்கப்படவில்லை.

அடுத்த முறை பம்ப் ஓடி முடியும்வரை அவள் அசையவில்லை. பிறகு கேஸ் ஏற்றினாள். சற்று நேரத்தில், வெறும் குழாயாகக் கிடந்ததன் மேல் வெண்பனி பூத்தது. வாசலுக்கு வெளியே இருந்த தகப்பன் கோயிலில் நிற்பதுபோல் நின்றார்.

ஓய்வு பெற்று, குவாட்டர்ஸ் சாவியைக் கொடுக்கப் போனபோது கிளார்க் கஜேந்திரன் கேட்டார்.

“எங்க குடிபோறீங்க?”

“கட்டுகஸ்தோட்டைக்கு. வாடகைக்கு மக சம்பளம் இருக்கு. குளிர் அறை போடுற கம்பனியில வேலை.”

“டிகிரி முடிச்ச பிள்ளையா?”

செல்லப்பா நெஞ்சை நிமிர்த்தினார்.

“இன்னும் இல்ல.”