கணுக்காலில் கறுப்புக் கயிறு

வரப்போகும் சிக்கலின் முதல் அறிகுறி அன்று காலையிலேயே தெரிந்தது. செஞ்சி மைதானத்தில் பெண்கள் கபடிப் போட்டி. மலைப்பாறைகள் ஒன்பது மணிக்கே சூட்டைத் திருப்பி அடித்தன. சிங்கவரம் பிள்ளைகளுக்குச் சம்பளமில்லாத கோச் நான். எங்கள் வீட்டில் புத்தகம் புரட்டிய முதல் ஆள் என்பதால் முதலுதவிப் பையும் என் தோளில்தான்.

முதல் ஆட்டம் முடியும்போது எங்கள் ரைடர் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தாள். சதை கல் மாதிரி உருண்டு நின்றது. அடிபடவில்லை, வீக்கமில்லை. வெறும் தசைப்பிடிப்பு. முழங்காலை நீட்டச் சொல்லி, கால்விரல்களை அவள் பக்கமாக மெல்லத் தள்ளிப் பிடித்தேன். அதற்குள் அவளுடைய அப்பா வந்து, பாதத்தால் அந்தக் கெண்டைக்காலை மூன்று முறை தடவிவிட்டார். அவளுக்கு நைனா, எங்களுக்கெல்லாம் மாமா; பிறக்கும்போது கால் முதலில் வெளியே வந்தவர். அப்படிப் பிறந்தவர் மிதித்தால் சுளுக்கு போய்விடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. பிடிப்பு விட்டது. உப்புச் சர்க்கரைத் தண்ணீர் குடித்துவிட்டு எழுந்து நடந்தாள்.

"பாத்தியா, கோச்சு பையில இன்னாத்துக்கு அவ்ளோ சாமான்? மாமா காலு ஒண்ணு போதும்!" என்று யாரோ கத்த, எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. பிடிப்பு தானாகவே விடும். அடுத்தது விடாததாக இருந்தால்?

மதியம் இன்னொருத்தி ஓடும்போது தொடையின் பின்புறத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். "சுருக்குனு இழுத்துச்சுண்ணா" என்றாள். அது தசை இழுபட்டது. காலையில் போல நீட்டிவிட்டால் இன்னும் கிழியும். ஜூஸ் கடை ஐஸைத் துணியில் சுற்றி வைத்து, உட்கார வைத்துவிட்டேன். மாமா தள்ளி நின்று பார்த்தார்.

"என்கிட்ட உட்டிருந்தா இந்நேரம் ஆடியிருக்கும்."

அரையிறுதியில் இடைவேளைக்குச் சற்று முன்பு அது நடந்தது. காலையில் பிடிப்பு வந்த அதே மாமா மகள், ரைடு போய் நடுக்கோட்டுப் பக்கம் திரும்பினாள். பாதம் உள்பக்கமாக மடங்கி, உடம்பு முழுக்க அதன்மேல் இறங்கியது. 'டப்' என்ற சத்தம் எனக்கே கேட்டது. நான் போய்ச் சேரும் முன்பே வெளிக்கணுக்கால் எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்துவிட்டது. எழுந்தவள் ஓரடி வைத்தாள், அப்படியே உட்கார்ந்தாள்.

"நவுருங்க நவுருங்க." கூட்டம் மாமாவுக்கு வழி விட்டது. செருப்பைக் கழற்றினார்.

அடுத்த பாதியில் அவள் இறங்கினால்தான், மாவட்ட அணிக்கு ஆள் எடுக்க வந்திருந்த தேர்வாளர்கள் பார்ப்பார்கள். அது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"மாமா, மிதிக்காதீங்க. இது காலையில வந்த பிடிப்பில்ல."

"இன்னாடா தம்பி, நாலு எழுத்து படிச்சா எம்பொண்ணு காலு எனக்குத் தெரியாதா?"

"தெரியும் மாமா. இங்க மட்டும் லேசா விரல வைங்க."

கணுக்கால் எலும்பின் பின்ஓரத்தைக் காட்டினேன். வலி சதையில் மட்டும் இருந்தால் சுளுக்காக இருக்கலாம். எலும்பைத் தொட்டதும் வலித்தால், நாலடி நடக்க முடியாவிட்டால், எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்க்காமல் எதுவும் சொல்லக் கூடாது. அவர் தொட்டார். அவள் அலறவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டாள், முகம் சாம்பலாகிவிட்டது. அவர் நிமிர்ந்து, பழக்கத்தில் பாதத்தைத் தூக்கினார்.

"நைனா, வேணாம் நைனா."

தூக்கிய பாதம் அவள் காலுக்கு மேலேயே நின்றது. அப்போதுதான் நான் கயிற்றைப் பார்த்தேன். கண்ணு படக்கூடாது என்று அவர் கட்டிய கறுப்புக் கயிறு, வீங்கும் கணுக்காலில் சதைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"இத எடுக்கணும் மாமா. இன்னும் வீங்கினா ரத்த ஓட்டத்த நிறுத்திடும்."

"அத அறுக்கக் கூடாதுடா. கெட்டது நடக்கும்."

அவர் பாதத்தைத் தரையில் வைத்தார். மகளின் காலருகே குனிந்தார். கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தார்.

காலை அசைக்காமல், அட்டைப் பெட்டியைக் கிழித்து இரண்டு பக்கமும் வைத்து, இறுக்காமல் துணி சுற்றினேன். துணிக்கு மேல் ஐஸ். பாதத்தைப் பையின் மேல் உயர்த்தி வைத்தேன். விரல் மரத்துப்போகிறதா, நிறம் மாறுகிறதா என்று அடிக்கடி பார்த்தேன். ஆட்டோவில் ஏற்றும்போது மைதானத்தில் விசில் ஊதினார்கள். அவளில்லாமல் இரண்டாம் பாதி தொடங்கியது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். வெளிக்கணுக்கால் எலும்பில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல்.

"யாராச்சும் இழுத்தீங்களா, மிதிச்சீங்களா?"

"இல்ல சார்" என்றேன்.

"நல்லது. விலகியிருந்தா கத்தி வைக்க வேண்டி வந்திருக்கும். மாவுக்கட்டு போதும்."

அறுத்த கயிறு மாமாவின் கைக்குள்தான் இருந்தது. வெளியே வந்ததும் தன் பாதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மறுபடி ஆடுவாளாடா?"

"எலும்பு சேரட்டும் மாமா. அப்பறம் பாக்கலாம்."

உறுதியாகச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.